பெரியவர்களுக்கான எழுத்தறிவு ஒலிப்பாடம்: குரல் கொடுக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

எழுதப் படிக்கக் கற்றுக்கொள்ளும் பெரியவர்களுக்கு எங்கள் குழு ஒலிப்பாடங்கள் தயாரிக்கிறது. கேட்பவர்களில் பெரும்பாலானோர் நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள். பகலில் நூறு நாள் வேலைக்கோ காட்டு வேலைக்கோ போய்விட்டு, சாயங்காலம் நாலைந்து பேராக ஒரு திண்ணையில் உட்காருவார்கள். நடுவில் ஒரு போன், ஆளுக்கொரு எழுத்து அட்டை. ஒரு பாடம் பன்னிரண்டு நிமிடம். புதிதாகக் குரல் கொடுக்க வருபவர்கள் கேட்கும் கேள்விகளையும், எங்கள் முதல் பாடத்தை வைத்து நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

"அ, ஆ, இ என்று தொடங்காமல் முதல் பாடமே 'பட்டா' என்று இருக்கிறதே, ஏன்?"

அகர வரிசை முழுவதையும் முடித்த பிறகுதான் ஒரு சொல்லைப் படிக்கலாம் என்றால், கேட்பவர் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும். அவ்வளவு நாள் பொறுமை அவருக்கு உண்டு, நேரம்தான் கிடையாது. முதல் நாள் எழுந்து போகும்போதே ஒரு முழுச் சொல்லைப் படித்திருந்தால் மறுநாள் வருவார். தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கமும் வாழ்க்கையில் புழங்கும் சொற்களில் இருந்துதான் எழுத்துக்குப் போனது. எங்கள் பாடமும் அந்த வழிதான்.

பட்டாவைத் தேர்ந்தெடுக்க வேறு காரணமும் உண்டு. அதில் ப, ட் , டா என்று மூன்று எழுத்து. ஆனால் கண் பழக வேண்டிய வடிவம் இரண்டுதான்: ப, ட. கூடவே ஒரு புள்ளி, ஒரு கால். 'ட' எழுதி அதன் முனையிலிருந்து மேலே ஒரு கோட்டை ஏற்றினால் அதுவே 'ப'. இரண்டிலும் சுழி கிடையாது, வளைவு கிடையாது. 'அ'வை முதல் எழுத்தாக வைத்தால், பேனா பிடித்தே பழகாத கை முதல் நாளே சுழிக்குள் மாட்டிக்கொள்ளும்.

பட்டா என்ன காகிதம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதும் இல்லை. ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருக்கும் தாள் அது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இத்தனை நாளும் அடுத்தவர்தான் அவருக்குச் சொல்லியிருப்பார்.

"சின்னச் சொற்களாக எழுதுங்கள் என்கிறீர்கள். எத்தனை எழுத்துக்குள் இருக்க வேண்டும்?"

எழுத்தை எண்ணுவதற்கு முன்னால் வேறொன்றைப் பார்க்க வேண்டும். அந்தச் சொல்லை மக்கள் எப்படிச் சொல்கிறார்களோ, அப்படியே எழுதுகிறோமா? தமிழில் இது பெரிய சிக்கல்.

'இலை' இரண்டே எழுத்து. ஆனால் வீட்டில் யார் 'இலை' என்கிறார்கள்? 'எல' என்றுதான் வரும். அட்டையில் இலையின் படத்தைப் போட்டு, "இதன் முதல் எழுத்து என்ன?" என்று கேட்டால் அவர் காதுக்கு 'எ' தான் கேட்கும். எ என்று சொல்வார். பாடத்தில் இருக்கும் குரல் 'இ' என்று சொல்லும். அவர் சரியாகக் கேட்டு, சரியாக யோசித்து, சரியாகப் பதில் சொல்லியும் தப்பாகிப்போகும். 'எனக்கு இதெல்லாம் ஏறாது' என்ற எண்ணம் இந்த மாதிரி இடத்தில்தான் விழுகிறது. 'இடம்' என்பது 'எடம்' ஆகும், 'உரல்' என்பது 'ஒரல்' ஆகும், 'பெண்' என்பது 'பொண்ணு' ஆகும், சில ஊர்களில் 'வீடு' என்பது 'வூடு' ஆகும். இவையெல்லாம் சின்னச் சொற்கள்தான், ஆனாலும் முதல் பாடங்களுக்கு ஆகாது.

பட்டா, பாட்டி, மாடு, காசு, பாட்டு, தாத்தா, காடு, கூலி ஆகியவை வாயில் வருவது போலவே தாளிலும் இருக்கும். முதல் இருபது சொற்களை இந்தக் கூட்டத்திலிருந்தே எடுங்கள். 'பணம்', 'படம்' போன்றவை அதற்கு அடுத்த வரிசை. பேச்சில் கடைசி 'ம்' மூக்கோடு கரைந்துவிடும், அதனால் முதல் வாரம் வேண்டாம். 'இலை'யும் 'வீடு'ம் வரும் நேரத்தில், "நாம் எல என்போம், எழுதும்போது இலை என்று எழுதுவோம்" என்று ஒரு வரி சொன்னால் போதும். அதற்குள் அவர்களுக்கு எழுத்தின் மேல் ஒரு பிடி வந்திருக்கும்.

படிக்கத் தரும் சொல்லுக்குத்தான் இந்தக் கட்டுப்பாடு. காதால் கேட்கும் சொல் நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. 'கூட்டுறவுச் சங்கம்' என்று நீங்கள் பேசினால் அவர்களுக்கு நன்றாகப் புரியும். பல ஆண்டுகளாக அங்கே கடன் வாங்கிக் கட்டுபவர்கள் அவர்கள்.

"மெதுவாகப் பேசச் சொல்கிறார்கள். எவ்வளவு மெதுவாக?"

சொல்லை இழுக்காதீர்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் இடம் விடுங்கள்.

குரல் கொடுப்பவர்களிடம் நான் அதிகம் திருத்துவது இதைத்தான். புதியவர்கள் பொறுமையாகப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு 'பஅஅட்டா' என்று இழுப்பார்கள். நம் மொழியில் குறிலை இழுத்தால் நெடில் ஆகிவிடும். பட்டு, பாட்டு. கல், கால். படம், பாடம். ப என்ற எழுத்தைக் கற்றுக்கொடுக்கிறேன் என்று 'பா'வைக் காதில் ஏற்றுகிறீர்கள். நாலு நிமிடம் கழித்து அதே குரல், "கால் போட்டால் பா" என்று சொல்லும்போது கேட்பவர் குழம்பிப்போவார். முதலில் கேட்டதும் அதுதானே!

குறில் என்றால் வெடுக்கென்று நிறுத்துங்கள், நெடில் என்றால் முழு அளவு கொடுங்கள். பிரிக்க வேண்டும் என்றால் 'பட். டா.' என்று அசையாகப் பிரியுங்கள், வாய் அந்த இடத்தில் தானாகவே பிரியும். பேச்சின் வேகம் உங்கள் அம்மாவிடம் மருந்துச் சீட்டை விளக்கும் வேகத்தில் இருக்கட்டும். அதைவிட மெதுவாகப் போனால் குழந்தையிடம் பேசுவது போல் ஆகிவிடும். அது அவர்களுக்கு உடனே தெரியும்.

வாக்கியத்தையும் உடையுங்கள். தமிழில் 'எடுத்து, திருப்பி, பார்த்து, தொட்டு' என்று வினையெச்சங்களைக் கோத்துக்கொண்டே போகலாம். பேச்சில் அது சுகமாக இருக்கும், பாடத்தில் தொல்லை. "அட்டையை எடுத்து மேல் வரியில் இருக்கும் முதல் எழுத்தைத் தொட்டுச் சொல்லுங்க" என்பது ஒரே மூச்சில் மூன்று வேலை. "அட்டையை எடுங்க." நிறுத்தம். "மேலே பாருங்க." நிறுத்தம். "முதல் எழுத்தைத் தொடுங்க." இப்படித்தான் வர வேண்டும்.

"இடையில் எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும்?"

கேட்டதைத் திருப்பிச் சொல்வதற்கு இரண்டு வினாடி போதும். அட்டையில் ஒரு சொல்லைப் பார்த்துப் படிக்க ஐந்தாறு வினாடி. ஓர் எழுத்தை முதல் முறையாக எழுத இருபது வினாடி. 'பட்டா' என்று முழுதாக எழுத முக்கால் நிமிடம். இவை எங்கள் திண்ணையில் கடிகாரத்தை வைத்துப் பார்த்த அளவு, உங்கள் ஊரில் ஒன்றிரண்டு வினாடி மாறலாம்.

முக்கால் நிமிடம் சத்தமே இல்லாமல் விட்டால், போன் நின்றுவிட்டது என்று யாராவது எடுத்துத் தட்டிப் பார்ப்பார்கள். எழுதிக்கொண்டிருந்த கையும் நின்றுவிடும். அதனால் பத்துப் பன்னிரண்டு வினாடிக்கு ஒருமுறை, "எழுதுங்க, நேரம் இருக்கு" என்று தாழ்ந்த குரலில் ஒரு வரி வையுங்கள். முடிக்கும்போது ஒரு மணிச் சத்தம். எல்லாப் பாடத்திலும் ஒரே மணி.

பதிவு செய்யும்போது வினாடியை எண்ணாதீர்கள், நீங்களும் அந்த வேலையைச் செய்யுங்கள். "எழுதுங்க" என்று சொன்னதும் உங்களுக்குப் பழக்கமில்லாத கையால் ஒரு தாளில் நீங்களும் எழுதுங்கள். வலக்கைக்காரர் இடக்கையால் 'பட்டா' எழுதிப் பார்த்தால், அந்த நேரம் எப்படிப் போகிறது என்று புரியும்.

"ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னால் சலிப்பு வராதா?"

ஒரே காரணத்துக்காகச் சொன்னால் வரும். நெல் நடும்போது ஒரே வேலையை ஆயிரம் முறை செய்கிறவர்களுக்குத் திருப்பிச் செய்வது ஒன்றும் புதிதில்லை. எதற்கு என்று தெரியாமல் செய்வதுதான் சலிக்கும். எங்கள் முதல் பாடத்தில் 'பட்டா' இருபது முறைக்கு மேல் வருகிறது. ஆனால் தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் ஒரே வேலைக்கு வராது. முதலில் கேட்பார்கள், பிறகு சொல்வார்கள், அட்டையில் தேடுவார்கள், விரலால் தடவுவார்கள், எழுதுவார்கள், கடைசியில் ஒரு வாக்கியத்துக்குள் கண்டுபிடிப்பார்கள். நடுப்பகுதி இப்படி இருக்கும்:

*இது பட்டா.*
*நிலத்துக்குப் பட்டா.*
*வீட்டுக்குப் பட்டா.*
*நீங்களும் சொல்லுங்க. பட்டா.*
(2 வினாடி)
*பட்டா.*
*இப்ப அட்டையைப் பாருங்க. மேலே ஒரு சொல் இருக்கு.*
(3 வினாடி)
*அதுதான் பட்டா.*
*அது மேல விரலை வைங்க.*
(4 வினாடி)
*விரலை நகர்த்திக்கிட்டே சொல்லலாம். பட். டா.*
(4 வினாடி)
*இன்னொரு தடவை. பட். டா. பட்டா.*
(4 வினாடி)
*கீழே மூணு சொல் இருக்கு. அதில் ஒண்ணு பட்டா. எது? தேடுங்க.*
(10 வினாடி)
*நடுவில் இருக்கிறது பட்டா. தொட்டுப் பாருங்க.*
(4 வினாடி)

"நீங்களும் சொல்லுங்க" என்ற வரியை எல்லாப் பாடத்திலும் எழுத்து மாறாமல் வைத்திருக்கிறோம். ஓரிடத்தில் 'திருப்பிச் சொல்லுங்க', இன்னோரிடத்தில் 'கூடவே சொல்லுங்க' என்று அழகுக்காக மாற்றினால், என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று யோசிப்பதிலேயே கவனம் போய்விடும். எழுத்தில் கூறியது கூறல் குற்றம் என்று படித்து வந்தவர்களுக்கு இது கை வர கொஞ்சம் நாளாகும்.

அப்புறம், பாடத்துக்குள் திருப்பிச் சொல்வது பாதி வேலைதான். அதே சொல் அடுத்த பாடத்தின் முதல் இரண்டு நிமிடத்தில் வர வேண்டும். மூன்று பாடம் தள்ளி, எதிர்பாராத இடத்தில் மறுபடி வர வேண்டும்.

"புள்ளி வைத்த 'ட்' என்பதை எப்படி உச்சரிப்பது? 'இட்' என்றா?"

பள்ளிக்கூடத்தில் 'இக், இங், இச்' என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தைகள் அதைப் பாட்டாகப் பாடித் தாண்டிவிடுவார்கள். ஒலிப்பாடத்தில் மட்டும் இந்த 'இ' உறுத்துகிறது. 'ப, இட், டா' என்று கூட்டிச் சொன்னவர் 'பஇட்டா' என்று நின்றுவிட்டதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் மெய்யெழுத்தைத் தனியாகச் சொல்வதே இல்லை. முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டிச் சொல்கிறோம். "ப. பட். புள்ளி வச்சா இங்க நிக்கணும்." நாக்கு மேலே ஒட்டி நிற்பதை அவர்களே உணர்கிறார்கள். மெய், உயிர்மெய் என்ற பெயர்கள் பத்துப் பாடத்துக்கு வருவதில்லை.

"எழுத்தின் வடிவத்தைக் குரலால் எப்படிச் சொல்வது?"

சில எழுத்தைச் சொல்லலாம், சிலவற்றைச் சொல்ல முடியாது.

'ட': "மேலிருந்து கீழே ஒரு கோடு. அங்கிருந்து சோத்துக்கைப் பக்கம் ஒரு கோடு." முடிந்தது. வலம், இடம் என்றால் சிலர் தயங்குவார்கள், சோத்துக்கை என்றால் யாரும் தயங்க மாட்டார்கள். 'ப': "கீழே இறங்குங்க. சோத்துக்கைப் பக்கம் போங்க. மேலே ஏறுங்க." கால் எழுத, "பிடி வளைஞ்ச கைத்தடி போல" என்கிறோம்.

'ம'வில் நான் தோற்றுப்போனேன். எட்டு முறை எழுதி, எட்டையும் பதிவு செய்து பார்த்தேன். எதைக் கேட்டும் யாரும் 'ம' எழுதவில்லை. சுழித்து வளையும் எழுத்துக்கு வாய்விளக்கம் கொடுப்பதை அதோடு விட்டுவிட்டேன். இப்போது அட்டையில் ஒரு புள்ளியில் தொடங்கி அம்புக்குறி போட்ட பெரிய எழுத்து இருக்கிறது. "புள்ளியில் விரலை வைங்க. கோட்டு மேலேயே போங்க" என்பதோடு குரல் ஒதுங்கிக்கொள்ளும்.

அட்டையில் எழுத்து குறைந்தது ஒரு விரல் அகல உயரம் இருக்கட்டும். நாற்பதுக்கு மேல் கிட்டத்துப் பார்வை மங்கும். ஒரு பெண்மணி மூன்று வாரமாகப் பின்தங்கியே இருந்தார். பாடம் வேகமாகப் போகிறது என்று நினைத்து நிறுத்தங்களைக் கூட்டினேன். ஒருநாள் அட்டையைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், அப்போதுதான் எனக்கு உறைத்தது. கண்ணாடி போட்டதும் மற்றவர்களை எட்டிப் பிடித்துவிட்டார்.

"சரியாகச் சொன்னதும் 'சபாஷ்' என்று பாராட்டலாமா?"

வேண்டாம். அவர் சரியாகச் சொன்னாரா என்று பதிவான குரலுக்குத் தெரியாது. தப்பாகச் சொன்னவரும், வாயே திறக்காதவரும் அதே சபாஷைக் கேட்பார்கள். இரண்டாவது நாளே அது பொய் என்று தெரிந்துவிடும், அதற்குப் பிறகு அந்தக் குரல் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள். நிறுத்தம் முடிந்ததும் விடையை மட்டும் சொல்லுங்கள்: "நடுவில் இருக்கிறது பட்டா." அவரே தன் விடையோடு ஒத்துப் பார்த்துக்கொள்வார். "எழுத்து கோணலா வந்திருந்தாலும் சரி, படிக்க முடியுதுன்னா போதும்" போல, எல்லோருக்கும் உண்மையாக இருக்கும் வரி என்றால் சொல்லலாம்.

"ரொம்ப சுலபம்" என்றும் சொல்லாதீர்கள். அவருக்குக் கஷ்டமாக இருந்தால், சுலபமானதுகூடத் தனக்கு வரவில்லை என்றல்லவா நினைப்பார்?

"எப்படி அழைப்பது? அம்மா, ஐயா என்றா? பேச்சுத் தமிழா, எழுத்துத் தமிழா?"

பதிவில் விளிக்கவே வேண்டாம். உங்கள் வயது இருபத்தைந்து, கேட்பவர்களில் ஒருவருக்கு முப்பது, இன்னொருவருக்கு அறுபத்தைந்து. 'அம்மா' என்றால் முப்பது வயதுக்காரருக்கு ஒட்டாது, 'அக்கா' என்றால் மூத்தவருக்கு ஒட்டாது, ஆண்கள் இருந்தால் இரண்டுமே ஒட்டாது. 'பாருங்க', 'சொல்லுங்க' என்பதிலேயே மரியாதை இருக்கிறது. பெயர் சொல்லியும் முறை சொல்லியும் அழைப்பதைப் பக்கத்தில் இருக்கும் உதவியாளர் பார்த்துக்கொள்வார்.

குரல் பேசும்போது 'பாருங்க, எடுங்க' என்று பேச்சு வழக்கு. அட்டையில் இருப்பதைப் படிக்கும்போது எழுதியிருப்பது எழுதியபடியே. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மூச்சு இடைவெளி விட்டால், எது பேச்சு, எது படிப்பு என்று காது பிரித்துக்கொள்ளும். 'கைநாட்டு' என்ற சொல்லை எங்கேயும் பயன்படுத்தாதீர்கள், அன்பாகச் சொல்வது போல்கூட வேண்டாம். ரேஷன் கடையிலும் வங்கியிலும் அந்தச் சொல்லைக் கேட்டு நின்றவர்கள் அவர்கள்.

"பின்னணியில் மெல்லிசை சேர்க்கலாமா?"

பாடம் தொடங்கும்போது ஐந்து வினாடி போதும். பேச்சுக்கு அடியில் இசை ஓடினால், சின்ன போன் ஒலிபெருக்கியில் ம, ன, ண மூன்றும் ஒன்றாகிவிடும்.

"பாடத்தோடு கூட ஒரு ஆள் இருந்தே ஆக வேண்டுமா?"

இருந்தால்தான் ஓடும். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தால் போனுக்குத் தெரியாது. ஸ்பெயினின் கேனரித் தீவுகளில் 1965-இல் ரேடியோ எக்கா என்ற வானொலி பெரியவர்களுக்கு எழுத்தறிவு வகுப்பு தொடங்கியபோதே இதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். வானொலிப் பாடம் ஒன்று, கேட்டுக்கொண்டே நிரப்பும் அச்சுத்தாள் ஒன்று, நேரில் பார்த்துப் பேசும் ஆசிரியர் ஒருவர் என்று மூன்றையும் சேர்த்தே அமைத்தார்கள். எங்களிடம் போன், அட்டை, உதவியாளர்.

உதவியாளர் படித்த பட்டதாரியாக இருக்க வேண்டியதில்லை. அதே தெருவில் எட்டாவது படித்த ஒருவர் போதும். அவருக்கு நாங்கள் சொல்லும் விதி ஒன்றே ஒன்று: நிறுத்தம் வரும்போது நீங்கள் விடையைச் சொல்லிவிடாதீர்கள்.

"அவர்கள் உண்மையில் படிக்கிறார்களா, அட்டையை மனப்பாடம் செய்துவிட்டார்களா? எப்படித் தெரியும்?"

பாடத்தில் வராத, ஆனால் அதே எழுத்தில் அடங்கும் ஒரு சொல்லைக் கொடுங்கள்.

பட்டாவுக்குள் இருக்கும் ப, ட, புள்ளி, கால் இந்த நான்கையும் கலைத்துப் போட்டால் 'பாப்பா' வரும், 'டப்பா' வரும். முதல் பாடத்தின் கடைசி இரண்டு நிமிடம் இதற்குத்தான். 'பாப்பா' பெரும்பாலானவர்களுக்கு வந்துவிடும், இரண்டு பக்கமும் ஒரே எழுத்து. 'டப்பா'தான் உண்மையான சோதனை. சொல்லின் தோற்றத்தை மட்டும் மனதில் வைத்தவர் அதைப் பார்த்ததும் 'பட்டா' என்பார். அவர் மேல் தப்பில்லை, எழுத்தைப் பிரித்துப் பார்க்க நாம் இன்னும் வழி காட்டவில்லை. மறுநாள் அதே பாடத்தை மறுபடி ஓட விடுவோம்.

எழுத்தைப் பிடித்துக்கொண்டவர் வேறு மாதிரி செய்வார். விரலை வைத்து, 'ட… டப்… பா' என்று எழுத்தில் இருப்பது போல அழுத்தமாகச் சொல்லுவார். அப்படி ஒரு சொல்லை அவர் கேட்டதே இல்லை, ஏனென்றால் வீட்டில் அதன் ஒலி கொஞ்சம் மென்மையாக இருக்கும். ஒரு நொடி முழிப்பார். இன்னொரு தடவை சொல்லுவார். பிறகு திடீரென்று, "அட, டப்பா!" என்று வீட்டில் சொல்வது போலவே வரும். திண்டுக்கல் பக்கம் ஒரு திண்ணையில் முதல் முறை இதைப் பார்த்தபோது, அந்த அம்மா அட்டையை விட்டுவிட்டு உள்ளே போய்ச் சீனி டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். அந்த நிறுத்தத்துக்கு ஆறு வினாடி வைத்திருந்தேன். குரல் அதற்குள் விடையைச் சொல்லிவிட்டது, நல்லவேளை அவர் உள்ளே இருந்தார். இப்போது அந்த இடத்தில் பதினைந்து வினாடி இருக்கிறது.

"வெளியிடுவதற்கு முன் எப்படிச் சோதிப்பீர்கள்?"

மூன்று பேரோடு உட்கார்ந்து பாடத்தை ஓட விடுவோம். நான் பாடத்தைக் கவனிக்க மாட்டேன், அவர்கள் முகத்தைத்தான் பார்ப்பேன். குரல் அடுத்த வரிக்குப் போன பிறகும் உதடு அசைந்துகொண்டிருந்தால் நிறுத்தம் போதவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தால் நிறுத்தம் நீளம். அட்டையிலிருந்து தலையைத் தூக்கிப் போனைப் பார்த்தால், என்ன செய்ய வேண்டும் என்று புரியவில்லை, அந்த வரியைத் திருத்த வேண்டும். "புரிந்ததா?" என்று கேட்பதில் பயனில்லை, நம் முகத்துக்காகப் புரிந்தது என்றுதான் சொல்வார்கள்.

"என் போனிலேயே பதிவு செய்து அனுப்பலாமா?"

தாராளமாக. மின்விசிறியை நிறுத்துங்கள், துணிகள் தொங்கும் அறையில் உட்காருங்கள், எதிரொலி குறையும். போனை வாய்க்கு நேராகப் பிடிக்காமல் ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள். முதல் பாடம் முழுக்கப் 'ப' இருக்கிறது, நேராகப் பேசினால் ஒவ்வொரு ப-வும் காற்றடிக்கும் சத்தமாகப் பதிவாகும்.

ஒற்றைத் தடத்தில், 64 கேபிபிஎஸ் எம்பி3-யாகச் சேமித்தால் பன்னிரண்டு நிமிடப் பாடம் ஆறு எம்பிக்குள் அடங்கும், வாட்ஸ்அப்பில் சுலபமாகப் போகும். கோப்புக்குப் பெயராக எண்ணை மட்டும் வையுங்கள்: `01.mp3`, `02.mp3`. எழுத்து தெரியாதவர்களுக்கும் பேருந்து எண், ரூபாய் நோட்டு வழியாக எண் பெரும்பாலும் தெரியும். பாடத்தின் முதல் வரியிலும், "இது பாடம் ஒண்ணு" என்று குரல் சொல்ல வேண்டும். இரண்டாம் பாடம் 'படி', 'பாட்டி'. அதற்குப் புதிதாகக் கற்க வேண்டியது டி-யின் தலையில் வரும் ஒரு வளைவு மட்டும்தான். பாடத்தின் முதல் இரண்டு நிமிடத்துக்கு மறுபடி பட்டாவும் டப்பாவும் வரும்.